‘வௌ்ளிக்கிழமை’யும் பதில் போகாத புல் ரிக்வெஸ்ட்டுகளும்

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்ன பைத்தான் நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து டி.டி.பி. கடைகளில் கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் இன்னும் பேஜ்மேக்கரில் பாமினியாகத்தான் கிடக்கின்றன. அதையே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் யூனிகோடு தேவை. நிரலுக்குப் பிழைப்பு இந்த ஒரு தேவைதான். கடைக்காரர்கள், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள், முதல் பங்களிப்பு செய்ய இடம் தேடும் கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வந்து போகும் ரெப்போ அது.

ராணிப்பேட்டையில் வேலை, சத்துவாச்சாரியில் வீடு. நடுவில் கிடைக்கும் நேரத்தில் கோடு எழுதத்தான் கை போகிறது, பதில் எழுதப் போவதில்லை. அப்படியே அறுபதுக்கும் மேலே இஷ்யூ, இருபதுக்குக் கொஞ்சம் கூடப் புல் ரிக்வெஸ்ட். பெரும்பாலானவற்றில் என் பக்கத்திலிருந்து ஒரு வரி கிடையாது. கத்திரி வெயில் நாட்களில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாதல்லவா, அந்த விடுமுறை நாட்களை இதற்கென்று ஒதுக்கினேன். எல்லாவற்றையும் சரிசெய்வது இலக்கு இல்லை. ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு பதில், அதில் ஒரு முடிவு. அவ்வளவுதான்.

முதலில் பட்டியல். கிட்ஹப்பின் `gh` கட்டளை தானாக 30 மட்டும்தான் காட்டும். எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் மிச்சம் இருப்பதே தெரியாது.

```
gh issue list --limit 200 --search "sort:created-asc"
gh pr list --limit 100 --search "review:none draft:false"
```

இரண்டாவது கட்டளை, வரைவு நிலையில் இல்லாமலும் யாரும் மதிப்பாய்வு செய்யாமலும் இருக்கிற புல் ரிக்வெஸ்ட்டுகளை மட்டும் எடுத்துத் தரும்.

பதில் எழுத ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. முதல்முறை பங்களிப்பவர் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டில் தானியங்கிச் சோதனைகள் தாமாக ஓடாது. பராமரிப்பவர் அனுமதி பொத்தானை அழுத்த வேண்டும். கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக மற்றவர் ரெப்போக்களில் சோதனை எந்திரங்களைச் சிலர் தவறாகப் பயன்படுத்தியதால் கிட்ஹப் 2021-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. அனுப்பிய மாணவருக்கோ மஞ்சள் புள்ளி மட்டும் தெரியும். தன் கோடு பாஸா ஃபெயிலா என்றே தெரியாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். ஆகவே ஒவ்வொன்றிலும் `.github/workflows` அடைவில் கை வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு, வைக்காதவற்றில் அனுமதிக்காகக் காத்திருந்தவற்றுக்கெல்லாம் அனுமதி கொடுத்தேன். இஷ்யூக்களைப் படித்து முடிப்பதற்குள் சோதனைகள் ஓடி முடிந்திருந்தன. சிவப்பு விழுந்ததைப் பார்த்துச் சிலர் நான் எதுவும் சொல்லாமலே திருத்தி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது வரிசை. தேதி வாரியாக மேலிருந்து கீழே பதில் எழுதிக்கொண்டே வருவதுதான் நியாயமாகத் தோன்றும். அது வேலைக்கு ஆகாது. ஒரே கோளாறைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதியிருப்பார்கள். முதல் ஆளுக்கு ஒரு பதிலைச் சொல்லிவிட்டு நான்காவது ஆள் அனுப்பிய கோப்பைப் பார்த்த பிறகு, முதலில் சொன்னதை மாற்ற வேண்டி வரும். ஆகவே பதிலே எழுதாமல் ஒருமுறை முழுதாகப் படித்து, எது எந்தக் காரணத்தால் வருகிறது என்று மட்டும் தாளில் குறித்துக்கொண்டேன். புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கு, எது எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று பார்த்தாலே பாதிக் குழுக்கள் தெரிந்துவிடும்:

```
gh pr list --limit 100 --json number,title,files \
  --jq '.[] | "\(.number) \(.title): \([.files[].path] | join(" "))"'
```

`bamini.py` என்ற ஒரே கோப்பை மூன்று பேர் தொட்டிருந்தார்கள். மூன்றும் ஒரே விஷயம். இந்தக் குழுவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சுருக்கமான பதிலுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது இதில்தான் தெரியும்.

இஷ்யூ எண் 41. குடியாத்தத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் ஒருவர் அனுப்பியது. கெங்கையம்மன் சிரசு திருவிழா நோட்டீஸை மாற்றியிருக்கிறார். ‘வெள்ளிக்கிழமை’ என்பது ‘வௌ்ளிக்கிழமை’ ஆகிவிட்டது. ‘வெளியூர் பக்தர்கள்’ என்பது ‘வௌியூர்’ ஆகிவிட்டது. “சார், அம்மன் நோட்டீஸ்ல இப்படி வரலாமா” என்று கேட்டிருந்தார். இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் ‘வௌியீடு’ என்ற விசித்திரத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். அதே வியாதி.

காரணம் எளிது. பாமினி என்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய எழுத்துரு. ‘தமிழ்’ என்பது கோப்புக்குள் `jkpo;` என்றுதான் இருக்கும். ஒற்றைக்கொம்பு `n`, வ என்பது `t`, ள என்பது `s`. ஔகாரத்துக்கு என்று தனி உருவம் கிடையாது. கொம்பும் ளகரமும் போட்டுச் சமாளிப்பார்கள். ஆகவே `nts` என்றால் அது ‘வௌ’ ஆகவும் இருக்கலாம், ‘வெள’ ஆகவும் இருக்கலாம். எங்கள் மாற்று அட்டவணையில் நீளமான தொடர்கள் முதலில் மாற்றப்படும். `nts` மூன்றெழுத்து என்பதால் அது முந்திக்கொண்டு ‘வௌ’ ஆகிவிடுகிறது. பின்னால் வரும் புள்ளியோ இகரமோ தொங்கலில் நிற்கிறது.

இதற்கு வந்த மூன்று புல் ரிக்வெஸ்ட்டுகளில் பழையது 38. எழுதியவர் பின்னால் வருவதைப் பார்த்து முடிவு செய்யும்படி ஒரு வரி மாற்றியிருந்தார். சோதனை எதுவும் எழுதவில்லை. அதன்பின் கோப்புகளை நான் இடம் மாற்றிவிட்டதால் முரண்பாடும் வந்திருந்தது. அடுத்தது 57, காட்பாடி பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் மாணவர் அனுப்பியது. அவர் ஔகார வரிகளையே அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார். மூன்றாவது 66. முடிவில் யூனிகோடு NFC ஒழுங்காக்கத்தைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னது.

57-ஐ ஓட்டிப் பார்த்தால் ‘வெள்ளி’ அழகாக வருகிறது. ‘மௌனம்’ என்பதும் திரையில் ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் உள்ளே அது ‘மௌனம்’ இல்லை, ‘மெளனம்’. கண்ணுக்குப் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. தேடினால் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறும், உரக்கப் படிக்கும் மென்பொருள் ‘மெ-ள-னம்’ என்று வாசிக்கும். பைத்தானில் `ascii()` போட்டுப் பார்த்தால் உடனே தெரியும்:

```
>>> ascii("மௌ")
"'\\u0bae\\u0bcc'"
>>> ascii("மெள")
"'\\u0bae\\u0bc6\\u0bb3'"
```

66-இன் கதையும் இதோடு சேர்ந்ததுதான். NFC ஒழுங்காக்கம், கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தால் சேர்த்து ‘ொ’ ஆக்கும். கொம்போடு U+0BD7 என்ற ஔகார நீட்டல் குறி வந்தால் ‘ௌ’ ஆக்கும். ஆனால் கொம்போடு வந்திருப்பது U+0BB3, அதாவது ள என்ற மெய்யான எழுத்து. அதை NFC தொடவே தொடாது, தொடவும் கூடாது. ஆக 66 இந்தக் கோளாறுக்கு மருந்து இல்லை. ஆனால் ‘கொ’வைப் பிரித்து அடித்திருக்கும் கோப்புகளுக்கு அது நல்ல திருத்தம்.

சரியான திசையில் இருந்தது 38 தான். பாமினியில் ளு, ளூ இரண்டும் `s`-ஆல் எழுதப்படுவதில்லை. ளை, ளெ போன்றவற்றில் குறி ளகரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். மிச்சம் ளகரத்துக்குப் பின்னால் வரக்கூடியவை புள்ளி, இகரம், ஈகாரம், கால் மட்டும்தான். இவற்றில் ஒன்று வந்தால் அது ள. வராவிட்டால் ஔகாரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

```python
AU = re.compile(r"n([fqrQlzjegkauytoswd])s(?![;pPh])")
```

இவ்வளவும் புரிந்த பிறகுதான் பதில்கள். முதலில் 57-க்கு. கல்லூரிப் பையன், முதல் பங்களிப்பு. ஒழுங்காக்கம், குறியீட்டு எண் என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதக் கை பரபரக்கும். எழுதவில்லை. சோதனையைப் பதிலாகக் கொடுத்தேன்:

```python
@pytest.mark.parametrize("src, want", [
    ("nts;sp", "வெள்ளி"),
    ("ntsp", "வெளி"),
    ("nksdk;", "மௌனம்"),
])
def test_au(src, want):
    assert ascii(convert(src)) == ascii(want)
```

> வணக்கம், நன்றி. இந்த மூன்றில் கடைசி சோதனை உங்கள் கிளையில் விழுகிறது: திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஔகாரம் போய்விடுகிறது. 38-இல் உள்ள வழியை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சோதனைகளை மட்டும் தனிப் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்ப முடியுமா? 38-ஓடு சேர்த்து உள்ளே போகும்.

`ascii()` அங்கே இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது இல்லாமல் முதலில் ஓட்டியபோது `'மெளனம்' == 'மௌனம்'` பொய் என்று பைடெஸ்ட் சொன்னது. அதைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி “ரெண்டும் ஒண்ணுதானேண்ணா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. `ascii()` போட்டதும் மறுகேள்வி வரவில்லை; சோதனைகளை அன்றிரவே அனுப்பிவிட்டார். கூடவே ‘வௌவால்’, ‘பௌர்ணமி’ இரண்டும் அவராகச் சேர்த்தது.

66-க்கு:

> நன்றி. NFC இந்த இஷ்யூவைத் தீர்க்காது, ஏனென்றால் இங்கே இருப்பது ள (U+0BB3). NFC சேர்ப்பது U+0BD7 வந்தால்தான். ஆனால் பிரிந்த ‘கொ’, ‘கோ’வுக்கு இது தேவை. தலைப்பை மாற்றி, `Fixes #41` வரியை எடுத்துவிட்டால் மெர்ஜ் செய்கிறேன்.

`Fixes #41` என்ற வரியைக் கவனிக்காமல் மெர்ஜ் செய்தால் கிட்ஹப் 41-ஐத் தானாக மூடிவிடும். குடியாத்தத்துக்காரர் சரியாகிவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டிப் பார்ப்பார், அதே ‘வௌ்ளி’ வரும். நிலுவையைக் குறைக்கும் அவசரத்தில் இந்த மாதிரித் தவறான மூடல்கள்தான் அதிகம் நடக்கும். மெர்ஜ் செய்யும் முன் அந்த வரியைப் பார்ப்பது நல்லது.

38-ஐ எழுதியவர் இப்போது அந்தப் பக்கமே வருவதில்லை போலிருக்கிறது. அவரை “முரண்பாட்டைச் சரிசெய்து அனுப்புங்கள்” என்று கேட்பது அழகில்லை; காத்திருந்தவர் அவர், இடம் மாற்றியது நான். `gh pr checkout 38` போட்டு எடுத்து, முதன்மைக் கிளையின் மேல் ரீபேஸ் செய்தேன். ரீபேஸ் செய்தாலும் கமிட்டின் ஆசிரியர் பெயர் அவருடையதாகவே இருக்கும். நிறைய மாற்றி எழுதவேண்டி வந்திருந்தால் கமிட் செய்தியின் கடைசியில் `Co-authored-by:` வரியில் அவர் பெயரையும் அவர் கமிட்டில் பயன்படுத்திய மின்னஞ்சலையும் போட்டிருப்பேன். மின்னஞ்சல் மாறினால் அவர் கணக்கில் சேராது. பதில் இரண்டே வரி:

> சரியான வழி இதுதான், நன்றி. கோப்பு இடம் மாறியதால் நானே ரீபேஸ் செய்து, உங்கள் பெயரிலேயே சேர்த்துவிட்டேன். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

கடைசி வாக்கியம் முக்கியம். சுருக்கமான பதிலில் முதலில் விட்டுப்போவது அதுதான்: அடுத்த அடி யாருடையது என்பது. “நன்றி, பார்க்கிறேன்” என்று எழுதினால் பதில் போட்ட திருப்தி நமக்குக் கிடைக்கும். எதிராளி காத்திருக்கவேண்டுமா, ஏதாவது செய்யவேண்டுமா, விட்டுவிடலாமா என்று அதில் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அதற்கு மௌனமே மேல். மௌனமாக இருந்தால் யாரும் நம்பிக் காத்திருக்க மாட்டார்கள்.

41-ஓடு சேர்ந்த மற்ற நான்கு இஷ்யூக்களையும் ஒரே வேகத்தில் முடித்தேன். ஒவ்வொன்றிலும் அவரவர் சொல்லை மட்டும் மாற்றினேன்:

```
gh issue close 63 --reason "not planned" \
  --comment "இதுவும் #41-இன் காரணம்தான். உங்கள் ‘வெளிச்சம்’ சொல்லையும் சோதித்தேன், சரியாக வருகிறது. அடுத்த வெளியீட்டில் வரும்; வந்த பிறகும் தவறினால் இங்கேயே எழுதுங்கள், திறந்துவிடுகிறேன்."
```

அவர் அனுப்பிய சொல்லை உண்மையாகவே ஓட்டிப் பார்த்தேன் என்பது அதில் தெரிய வேண்டும். ‘டூப்ளிகேட்’ என்று ஒரு சொல் மட்டும் எழுதி மூடினால் நம் ஊர் ஆட்களுக்கு முகத்தில் கதவைச் சாத்திய மாதிரி இருக்கும். ஒரு தடவை ஓட்டிப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகிறது.

இந்தக் குழு போக, மீதிப் பெரும் பங்கு “வேலை செய்யவில்லை” வகை. கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். இதற்கு நான் எழுதுவது ஒரே கேள்வி. பதிப்பு என்ன, இயங்குதளம் என்ன, எந்தக் கட்டளை என்று ஏழெட்டுக் கேள்வி கேட்டால் கடைக்காரர் ஒன்றுக்கும் பதில் சொல்ல மாட்டார். படத்தில் தெரிவது எழுத்துருவின் உருவம். எனக்கு வேண்டியது கோப்பில் இருக்கும் எழுத்து. ஆகவே “தவறாக வரும் ஒரு வரியை மட்டும் .txt கோப்பாக இணைக்க முடியுமா? படத்தில் அது தெரியாது” என்று கேட்டுவிட்டு, `needs-file` என்று ஒரு லேபிள்.

கோப்பு வந்தால் பாதி நேரம் விடை அதிலேயே இருக்கும். ஆற்காட்டிலிருந்து வந்த ஒன்றில் வரி தொடங்கும் இடத்தில் எல்லாம் ‘தமிழ்’ என்பது ‘துமிழ்’ ஆகியிருந்தது. கோப்பைத் திறந்தால் `jkpo;` இருக்கவேண்டிய இடத்தில் `Jkpo;`. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேர்டின் ஆட்டோகரெக்ட் செய்த வேலை. பாமினியில் சின்ன `j` த, பெரிய `J` து. மாற்றியில் கோளாறு இல்லை. பதில்: “வேர்டின் ஆட்டோகரெக்ட் முதல் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டது, அந்த வசதியை அணைத்துவிட்டு அடித்தால் வராது. ஏற்கெனவே மாறியதை நிரலால் ஊகிக்க முடியாது, ‘துணி’ என்பது சரியான சொல்லாயிற்றே. மூடுகிறேன்.” ஊகிக்க முடியாது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டுச் சொல் கொடுத்துவிட்டால், அதை எப்படியாவது சேர்க்கச் சொல்லி விவாதம் வராது.

புதிய வசதி கேட்டு வந்த முன்மொழிவுகளுக்கு மறுப்புதான் அதிகம். டிஸ்கி கோப்புகளையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் நூறு வரி அட்டவணையோடு அனுப்பியிருந்தார். உழைப்பு தெரிந்தது. ஆனால் லினக்ஸில் glibc-உடன் வரும் `iconv` அதை ஏற்கெனவே செய்கிறது:

```
iconv -f TSCII -t UTF-8 pazhaiya.txt > pudhiya.txt
```

இதையும், “இந்த ரெப்போ எழுத்துரு வகைக் கோப்புகளுக்கு மட்டும், டிஸ்கி முறையான குறியாக்கம், அதற்கு இந்தக் கருவி போதும்” என்ற ஒரு வரியையும் எழுதி மூடினேன். பேஜ்மேக்கர் கோப்பையே நேராகப் படிக்க வேண்டும் என்று கேட்டவருக்கு: “அது மூடிய வடிவம், செய்யப்போவதில்லை. பேஜ்மேக்கரிலிருந்து உரையை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து கொடுங்கள்.” மறுக்கும்போது ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைத் தவிர்க்கிறேன். செய்யப்போவதில்லை என்றால் செய்யப்போவதில்லை. ‘இப்போதைக்கு இல்லை’ என்று இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய இடங்களில் எல்லாம் “இப்போது ஆச்சா சார்?” என்று அதற்குக் கீழேயே கேட்டிருந்தார்கள்.

ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற பங்களிப்பு விழாவுக்காக அக்டோபரில் வரும் README திருத்தங்கள் தனி ரகம். கூடுதலாக ஒரு காற்புள்ளி, தலைப்புக்கு முன்னால் ஒரு ராக்கெட் படம். நிஜமான எழுத்துப்பிழையாக இருந்தால் கேள்வியே கேட்காமல் மெர்ஜ். மற்றதற்கு “நன்றி, இது தேவைப்படவில்லை, பங்களிக்க விருப்பம் என்றால் `good first issue` லேபிளில் இரண்டு காத்திருக்கின்றன” என்று எழுதி மூடிவிடுகிறேன். அந்த லேபிளில் உண்மையிலேயே இரண்டு இஷ்யூ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன்.

நாள்பட்டவற்றைத் தானாக மூடும் பாட் நிரல் ஒன்றை வைக்கலாமே என்று நண்பர் சொன்னார். பலரும் பயன்படுத்தும் `actions/stale` அப்படியே வைத்தால் 60 நாள் அசைவு இல்லையென்றால் குறி போடும், அதற்கு மேல் 7 நாளில் மூடும். பெரிய திட்டங்களுக்கு அது சரியாக இருக்கலாம். 41-ஐ யோசித்துப் பாருங்கள்: அசையாமல் கிடந்தது என் பக்கம், கடைக்காரர் பக்கம் இல்லை. நான் பதில் சொல்லாததற்கு அவர் இஷ்யூ மூடப்படும். `needs-file` லேபிள் உள்ளவற்றுக்கு மட்டும் வைத்தேன். அங்கே பந்து அவர்கள் கையில் இருக்கிறது. `only-labels` என்ற அமைப்பு அதற்குத்தான்.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பத்தி எழுதுவதையும் நிறுத்தினேன். “தாமதத்துக்கு மன்னிக்கவும்” என்று ஒருதரம், அதுவும் ஒரு வருடத்துக்கு மேலானவற்றுக்கு மட்டும். மொழி, வந்த மொழிதான். தமிழில் கேட்டால் தமிழ். ‘சார்’ என்று கூப்பிடுபவருக்கும் ‘அண்ணா’ என்று கூப்பிடுபவருக்கும் பொதுவாக ‘நீங்கள்’. இரண்டாம் ஆண்டு மாணவராகவே இருந்தாலும் பொதுவெளியில் ‘தம்பி, நீ’ என்று எழுதினால் படிக்கிற மூன்றாம் மனிதருக்கு உறுத்தும்.

இப்போது திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இஷ்யூக்களில் பாதிக்கு மேல் கோப்புக்காகக் காத்திருப்பவை. குடியாத்தத்துக்காரருக்குப் புதிய வெளியீட்டை அனுப்பினேன். நோட்டீஸில் வெள்ளி சரியாக விழுந்ததாகப் படம் போட்டிருக்கிறார், கூடவே தேதி வரிசையில் ஒரு புதுப் பிழையும் கண்டுபிடித்திருக்கிறார்.

ஔகார விவகாரத்தில் ஒரே ஒன்றை மட்டும் வேண்டுமென்றே மூடாமல் வைத்திருக்கிறேன். திருப்பத்தூர் பக்கம் நாட்டுப்புறக் கதைகளைப் பேச்சுவழக்கிலேயே தட்டச்சு செய்து வைத்திருப்பவர் எழுதியது. அவர் கோப்பில் ‘வெளக்கு’, ‘வெளஞ்சது’ என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. `ntsf;F` என்பதில் ளகரத்துக்குப் பின்னால் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. புதிய விதிப்படி அது ‘வௌக்கு’ ஆகிவிடும். வடிவத்தை வைத்து இதைப் பிரிக்க வழியே இல்லை. சொல் தெரிந்தால்தான் முடியும். ஆகவே நிரல் ஊகிக்காமல், சந்தேகமான இடங்களை வரி எண்ணோடு பட்டியலாகக் காட்டும் வசதி ஒன்றைச் சேர்க்கிறேன். அவருக்கு எழுதிய பதில்:

> தமிழ் எழுத்துநடைக்கு விதி சரி, பேச்சுவழக்குக்குப் போதாது. நீங்கள் சொல்வது உண்மை. அடுத்த வெளியீட்டில் `--list-au` என்று கொடுத்தால் சந்தேகமான சொற்கள் வரி எண்ணோடு வரும். உங்களிடம் இருக்கும் ‘வெள’ சொற்களை ஒரு வரிக்கு ஒன்றாக அனுப்பினால் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்கிறேன். இது திறந்தே இருக்கும்.

பட்டியல் வந்துகொண்டிருக்கிறது. ‘வெளக்கமாறு’ என்று ஆரம்பித்திருக்கிறார்.